ஆறு வரி நிரல், நாலு விடை: பைப்லைனில் வீணாகும் சைக்கிள்களை எண்ணுவது எப்படி

கம்ப்யூட்டர் ஆர்கிடெக்சர் தாளை எழுதிவிட்டு வெளியே வந்தால் முதல் சண்டை பைப்லைன் கணக்கில்தான். ஒருத்தர் 18 என்பார், இன்னொருத்தர் 11, பக்கத்தில் நிற்பவர் 19, நாலாவது ஆள் 22. கிண்டியில் பஸ் ஏறி சைதாப்பேட்டை தாண்டும் வரைக்கும் இது ஓயாது. இதில் வேடிக்கை என்னவென்றால் 18, 11, 22 மூன்றுமே சரியாக இருக்கலாம், ஏனென்றால் அவை மூன்று வேறு வேறு ஹார்டுவேருக்கான விடைகள். அந்த 19 மட்டும் வந்த வழியே தப்பு. இந்த இரண்டு வகைக் குழப்பத்தையும் பிரித்துப் பார்த்துவிட்டால் கணக்கில் பெரிதாக ஒன்றும் மிச்சமிருக்காது.

கட்டுரை முழுக்க ஒரே நிரலை வைத்துக்கொள்வோம். ரிஸ்க்-ஃபைவ் பாணியில் ஆறு வரி, கடைசி வரி மறுபடி முதல் வரிக்குத் தாவும்.

```
L: 1  lw   x5, 0(x10)
   2  add  x6, x5, x7
   3  sub  x8, x6, x5
   4  sw   x8, 4(x10)
   5  addi x10, x10, 8
   6  bne  x10, x11, L
```

## ஸ்டால் என்பது என்ன

பாடத்தில் வரும் ஐந்து நிலைகள் இவை: ஃபெட்ச், அதாவது இன்ஸ்ட்ரக்ஷனை எடுப்பது, டீகோட், அது என்ன என்று பிரித்து ரிஜிஸ்டர்களைப் படிப்பது, எக்ஸிக்யூட், கணக்குப் போடுவது, மெமரி, நினைவகத்தில் படிப்பது அல்லது எழுதுவது, ரைட்பேக், விடையை ரிஜிஸ்டரில் போடுவது. ஒவ்வொரு நிலைக்கும் ஒரு சைக்கிள். இது வெறும் பாடப்புத்தகக் கற்பனை இல்லை, இங்கே ஐஐடி மெட்ராஸில் உருவான சக்தி ப்ராசஸர்களில் சி-கிளாஸ் வகை ஐந்து நிலைகளோடுதான் வடிவமைக்கப்பட்டது, சின்ன வேலைகளுக்கான ஈ-கிளாஸுக்கு மூன்றே நிலைகள்.

ஹாஸ்டல் மெஸ் வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். தட்டு, சோறு, குழம்பு, பொரியல், அப்பளம் என்று ஐந்து இடம். முதல் ஆள் அப்பளம் வாங்கி வெளியே வர ஐந்து நொடி ஆகிறது, அதற்கப்புறம் நொடிக்கு ஒருத்தர் வெளியே வருகிறார். ஆறு பேருக்கு 5 + 5 = 10 நொடி. நம்ம ஆறு வரிக்கும் தடையே இல்லாவிட்டால் 10 சைக்கிள்தான்.

இப்போது மூன்றாவது ஆள் சோற்றுப் பாத்திரத்துக்கு முன்னால் இரண்டு நொடி நின்றுவிட்டார் என்று வையுங்கள். அவருக்கு முன்னால் போனவர்களுக்கு ஒன்றும் ஆகாது, அவர்கள் பாட்டுக்குப் போய்விடுவார்கள். பின்னால் இருப்பவர்கள் எல்லோரும் நிற்பார்கள். நடுவில் இரண்டு காலி இடம் விழும், அந்த வெற்றிடம் அப்படியே நகர்ந்து வெளியே போகும். அந்தக் காலி இடத்தைத்தான் பபிள் என்கிறார்கள், நிற்க வைத்த நிகழ்வு ஸ்டால். இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: மூன்றாவது ஆள் நின்றதால் நாலாவது ஆளும் இரண்டு நொடி நிற்கிறார், ஆனால் அதற்காக நாலு நொடி வீண் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கடைசியில் வெளியே வரும் காலி இடம் இரண்டுதான். பரீட்சையில் பாதிப் பேர் சறுக்குவது இந்த இடத்தில், அதற்குப் பிறகு வருகிறேன்.

## முதலில் யார் எழுதுகிறார், யார் படிக்கிறார்

ஹசார்டு என்பது அடுத்த இன்ஸ்ட்ரக்ஷன் அதற்குரிய சைக்கிளில் நகர முடியாத நிலைமை. நம்ம நிரலில் இரண்டு வகை இருக்கிறது. விடை தயாராகும் முன்னால் அது தேவைப்படுவது டேட்டா ஹசார்டு, அடுத்து எந்த வரி என்று தெரியாமல் நிற்பது கன்ட்ரோல் ஹசார்டு. டேட்டா ஹசார்டைப் பிடிக்க ஒவ்வொரு வரியும் எந்த ரிஜிஸ்டரை எழுதுகிறது, எதைப் படிக்கிறது என்று பக்கத்தில் குறித்துக்கொண்டால் போதும். குறிக்கும்போது இரண்டு இடத்தில் ஜாக்கிரதை.

1. `sw x8, 4(x10)` எந்த ரிஜிஸ்டரையும் எழுதுவதில்லை. முதலில் இருப்பதுதான் விடை போகும் இடம் என்ற பழக்கத்தில் `x8`-ஐ எழுதுவதாகக் குறித்துவிடுவார்கள். அது `x8`-ஐயும் `x10`-ஐயும் படிக்கிறது. `bne`-யும் அப்படித்தான், இரண்டையும் படிக்கும், எதையும் எழுதாது.

2. வரி 4 `x10`-ஐப் படிக்கிறது, வரி 5 அதே `x10`-ஐ எழுதுகிறது. இதைப் பார்த்ததும் ஒரு ஸ்டால் போடக் கை பரபரக்கும். போடாதீர்கள். இந்தப் பைப்லைனில் யாரும் யாரையும் முந்த முடியாது, படிப்பது டீகோடில், எழுதுவது கடைசியில் ரைட்பேக்கில். பின்னால் வரும் வரி எழுதும்போது முன்னால் போன வரி எப்போதோ படித்து முடித்திருக்கும். இந்த வகை, வரிசை மாற்றி ஓட்டும் பெரிய ப்ராசஸர்களில்தான் தலைவலி.

மிச்சம் இருக்கும் உண்மையான சார்புகள்: 1→2 (`x5`), 1→3 (`x5`), 2→3 (`x6`), 3→4 (`x8`), 5→6 (`x10`). ஆக ஐந்து.

## ஒரு வரிக்கு ஒரே எண்

கட்டம் போட்டு ஆறு வரி, இருபது பத்தி என்று நிரப்புவது ஆசிரியருக்குக் காட்ட நல்லது, ஆனால் எண்ணுவதற்கு அவ்வளவு தேவையில்லை. ஒவ்வொரு வரியும் டீகோடை எந்த சைக்கிளில் முடிக்கிறது என்ற ஒரு எண் போதும். அதை D என்போம். டீகோட் முடிந்துவிட்டால் அதன் பிறகு யாரும் நிற்பதில்லை, எக்ஸிக்யூட் D+1, மெமரி D+2, ரைட்பேக் D+3 என்று ஓடிவிடும். முதல் வரிக்கு D எப்போதும் 2. மற்ற வரிகளுக்கு:

```
D(i) = max( D(i-1) + 1 , D(p) + k )
மொத்த சைக்கிள் = D(கடைசி) + 3
```

p என்பது இந்த வரிக்குத் தேவையான விடையைத் தரும் வரி. அப்படி இரண்டு பேர் இருந்தால் இரண்டையும் போட்டுப் பார்த்து, இருப்பதிலேயே பெரிய எண்ணை எடுக்க வேண்டும். k என்பது ஹார்டுவேரைப் பொறுத்த இடைவெளி. கேள்வித்தாள் சொல்லும் அனுமானம் எல்லாம் இந்த k-யில்தான் போய் உட்காரும், மற்றபடி கணக்கு ஒன்றேதான்.

## ஃபார்வர்டிங் இல்லாவிட்டால்: 18, அல்லது 22

ஃபார்வர்டிங் இல்லை என்றால் விடை ரிஜிஸ்டருக்குள் போய் விழுந்த பிறகுதான் அடுத்தவர் படிக்க முடியும். எழுதுவது D+3-இல். அதே சைக்கிளில் படிக்கலாமா கூடாதா என்பதுதான் கேள்வி. வழக்கமான அனுமானம், சைக்கிளின் முதல் பாதியில் எழுதி இரண்டாம் பாதியில் படிப்பது. அப்படியானால் k = 3. போட்டுப் பார்ப்போம்.

```
1 lw     D = 2
2 add    max(3, 2+3)         = 5    2 ஸ்டால்
3 sub    max(6, 5+3, 2+3)    = 8    2 ஸ்டால்
4 sw     max(9, 8+3)         = 11   2 ஸ்டால்
5 addi   12                         0
6 bne    max(13, 12+3)       = 15   2 ஸ்டால்
மொத்தம்  15 + 3 = 18
```

ஸ்டால் 8, தடையில்லாமல் 10, கூட்டினால் 18. இரண்டு வழியிலும் ஒரே எண் வருகிறதா என்று பார்ப்பது நல்ல சோதனை, அரை நிமிடம்கூட ஆகாது.

அந்த 19 எங்கிருந்து வந்தது? சார்புகளை ஜோடி ஜோடியாக எடுத்து ஒவ்வொன்றுக்கும் ஸ்டால் போட்டவர் அவர். அடுத்தடுத்த வரி என்றால் 2, நடுவில் ஒரு வரி இருந்தால் 1 என்று மனப்பாடம். 1→2-க்கு 2, 2→3-க்கு 2, 3→4-க்கு 2, 5→6-க்கு 2, அப்புறம் 1→3-க்கு நடுவில் ஒரு வரி இருப்பதால் 1. மொத்தம் 9, ஆக 19. விதி தப்பில்லை, தனியாக 1→3 மட்டும் இருந்திருந்தால் ஒரு ஸ்டால் வரத்தான் செய்யும். ஆனால் வரி 2 ஏற்கெனவே இரண்டு சைக்கிள் நின்றபோது வரி 3-ம் அதன் பின்னால் சேர்ந்து நின்றுவிட்டது, அந்த நேரத்துக்குள் `x5` வந்து சேர்ந்துவிட்டது. மேலே sub வரியைப் பாருங்கள், `2+3` என்பது 5, வரிசைப்படியே அது 6-க்கு முன்னால் வர முடியாது, அதனால் அந்தச் சார்பு எதையுமே தீர்மானிக்கவில்லை. max எடுப்பதற்குப் பதில் கூட்டிவிட்டார், அவ்வளவுதான். மெஸ் வரிசையில் பின்னால் நின்றவரையும் தனியாகக் கணக்கில் சேர்த்த கதை.

எழுதும் சைக்கிளிலேயே படிக்க முடியாத ரிஜிஸ்டர் கோப்பு என்றால் k = 4. அதே கணக்கில் D வரிசை 2, 6, 10, 14, 15, 19 என்று போகும், மொத்தம் 22. ஒவ்வொரு ஸ்டாலும் 2-லிருந்து 3 ஆகிறது, நாலு இடம் இருப்பதால் நாலு சைக்கிள் கூடுகிறது. கேள்வியில் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை என்றால் 18 எழுதுவதுதான் வழக்கம், ஆனால் விரிவான விடையில் 'முதல் பாதியில் எழுதி இரண்டாம் பாதியில் படிக்கும் ரிஜிஸ்டர் கோப்பு என்று கொள்கிறேன்' என்று மேலே ஒரு வரி போட்டுவிடுங்கள். திருத்துபவர் கையில் 22 இருந்தாலும் பேச ஒரு ஆதாரம் இருக்கும்.

## ஃபார்வர்டிங் இருந்தால்: 11

விடை உண்மையில் ரைட்பேக்கில் பிறப்பதில்லை. `add`-இன் விடை எக்ஸிக்யூட் முடிந்ததுமே கையில் இருக்கிறது, இரண்டு சைக்கிள் சும்மா சுமந்துகொண்டு போய் ரிஜிஸ்டரில் போடுகிறது. அதை அங்கேயே வழிமறித்து அடுத்த வரியின் எக்ஸிக்யூட்டுக்குக் கொடுப்பதுதான் ஃபார்வர்டிங். தாளில் சில சமயம் பைபாஸ் என்றோ ஆபரண்ட் ஃபார்வர்டிங் என்றோ இருக்கும், எல்லாம் ஒன்றுதான்.

இப்போது k எவ்வளவு? இரண்டே கேள்வி: மதிப்பு எந்த நிலையின் முடிவில் பிறக்கிறது, எந்த நிலையின் தொடக்கத்தில் தேவைப்படுகிறது.

1. கணக்குப் போடும் வரி தருவது என்றால், எக்ஸிக்யூட் முடிவில் பிறக்கிறது, அடுத்தவரின் எக்ஸிக்யூட் தொடக்கத்தில் தேவை. ஒரு சைக்கிள் தள்ளி வந்தால் போதும், k = 1. அதாவது ஸ்டாலே இல்லை.

2. `lw` தருவது என்றால், மெமரி முடிவில்தான் பிறக்கிறது. k = 2. உடனடி அடுத்த வரி அதைக் கேட்டால் ஒரு ஸ்டால். எத்தனை கம்பி இழுத்தாலும் இது போகாது, பிறக்காத மதிப்பை முன்கூட்டி யாராலும் கொடுக்க முடியாது. இதற்கு லோட்-யூஸ் ஹசார்டு என்று பெயர்.

```
1 lw     D = 2
2 add    max(3, 2+2)         = 4    1 ஸ்டால்
3 sub    max(5, 4+1, 2+2)    = 5
4 sw     6
5 addi   7
6 bne    8
மொத்தம்  8 + 3 = 11
```

எட்டு ஸ்டால் ஒன்றாகக் குறைந்துவிட்டது. ஃபார்வர்டிங் என்ற வார்த்தையைப் பார்த்ததும் ஸ்டால் பூஜ்யம் என்று முடிவுகட்டி 10 எழுதுபவர்களும் உண்டு, அவர்கள் `lw`-க்கு அடுத்த வரியைப் பார்க்காதவர்கள்.

ஒரு சின்ன விதிவிலக்கு. `lw` ஏற்றிய ரிஜிஸ்டரை அடுத்த வரி `sw` அப்படியே சேமிக்கிறது என்றால், சேமிக்க வேண்டிய மதிப்பு `sw`-க்கு எக்ஸிக்யூட்டில் தேவையில்லை, மெமரியில்தான் தேவை. அதற்கான தனிப்பாதை ஹார்டுவேரில் இருந்தால் ஸ்டால் இல்லை, இல்லாவிட்டால் ஒன்று. படத்தில் மெமரி நிலைக்குள் ஃபார்வர்டிங் அம்புக்குறி போகிறதா என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். நம்ம நிரலில் `sw`-க்கு மதிப்பு தருவது `sub` என்பதால் இந்தப் பிரச்சினை எழவில்லை.

மிப்ஸ் என்ற பெயரே இதிலிருந்து வந்ததுதான் என்பது பலருக்குத் தெரியாது. 1980-களின் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்டில் அதை வடிவமைத்தபோது, ஹார்டுவேர் தானாகக் கண்டுபிடித்து நிறுத்தும் ஏற்பாடே வேண்டாம், கம்பைலரே இடைவெளி விட்டு எழுதட்டும் என்று முடிவுசெய்தார்கள். 'ஒன்றையொன்று நிறுத்தாத பைப்லைன் நிலைகள் கொண்ட மைக்ரோப்ராசஸர்' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான் அந்தப் பெயர். அப்படிப்பட்ட ஹார்டுவேரில் ஸ்டால் என்று ஒன்று கிடையாது, அந்த இடத்தில் ஒன்றும் செய்யாத `nop` வரியைக் கம்பைலர் செருகும். அதனால் 'எத்தனை நாப் செருக வேண்டும்' என்று கேள்வி வந்தாலும் கணக்கு இதேதான்.

## கிளை வரி: ஒரு பக்கம் மிச்சம், மறுபக்கம் செலவு

`bne` வரியில் இரண்டு தனிச் செலவு இருக்கிறது, இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுதான் வழக்கம். ஒன்று, ஒப்பிடத் தேவையான `x10` வர வேண்டும், இது டேட்டா ஹசார்டு, ஸ்டால். இன்னொன்று, தாவுவதா இல்லையா என்று தெரியும் முன்பே பின்னால் எடுத்த வரிகளைத் தூக்கிப் போடுவது. இது ஃப்ளஷ். தாவாது என்று நம்பி அடுத்தடுத்த வரியை எடுத்துக்கொண்டே போகும் பைப்லைன் என்று வைத்துக்கொள்வோம். தாவினால், முடிவு எந்த நிலையில் தெரிகிறதோ அதைப் பொறுத்து இழப்பு: டீகோடில் தெரிந்தால் 1, எக்ஸிக்யூட்டில் தெரிந்தால் 2, மெமரியில் தெரிந்தால் 3.

அப்படியானால் முடிவை டீகோடிலேயே எடுப்பது லாபம் என்று தோன்றும். ஆனால் டீகோடில் ஒப்பிட வேண்டுமானால் `x10` டீகோடின்போதே வேண்டும், ஒரு சைக்கிள் முன்னாலேயே. அதனால் `bne`-க்கு மட்டும் k ஒன்று கூடும்: கணக்கு வரி தந்தால் 2, `lw` தந்தால் 3. நம்ம நிரலில் வரி 5 உடனடியாக முன்னால் நின்று `x10`-ஐ மாற்றுகிறது. D(6) = max(8, 7+2) = 9, மொத்தம் 12. பஸ் சண்டையில் வராத நாலாவது சரியான விடை இதுதான்.

லூப்பாக 100 தடவை ஓட்டினால் இது இன்னும் தெளிவாகும். முதல் 99 தடவை தாவும், கடைசித் தடவை தாவாது.

```
எக்ஸிக்யூட்டில் முடிவு: 100*(6+1) + 99*2 + 4 = 902
டீகோடில் முடிவு:        100*(6+2) + 99*1 + 4 = 903
```

ஃப்ளஷில் மிச்சப்படுத்தியதை ஸ்டாலில் கொடுத்தாகிவிட்டது, போதாததற்கு ஒரு சைக்கிள் கூடுதல் செலவு. கடைசிச் சுற்றில் தாவாததால் மிச்சப்படுத்த ஃப்ளஷ் இல்லை, ஸ்டால் மட்டும் இருக்கிறது, அந்த ஒன்று அங்கிருந்து வருகிறது.

அந்தக் கடைசி 4 என்ன? பைப்லைன் முதல் தடவை நிரம்ப ஆகும் நேரம். அது மொத்த ஓட்டத்துக்கும் ஒரே தடவைதான். லூப் கணக்கில் அடிக்கடி பார்க்கும் தப்பு, ஒரு சுற்றுக்கு 11, ஃப்ளஷ் 2, ஆக 13, நூறு சுற்றுக்கு 1300 என்று பெருக்குவது. ஒவ்வொரு சுற்றுக்கும் மெஸ்ஸை முழுக்கக் காலி செய்துவிட்டு மறுபடி ஆளை உள்ளே விடுவது போல. 902-க்கும் 1300-க்கும் உள்ள 398-இல் 396, தேவையில்லாமல் 99 தடவை கூட்டிய அந்த 4, மிச்சம் 2 கடைசிச் சுற்றில் நடக்காத ஃப்ளஷ்.

## கேட் தாளில் வேறு முகம்

கேட் தேர்வில் எண்ணை மட்டும் தட்டச்சு செய்யும் கேள்விகளில் அனுமானத்தை எழுத இடமில்லை. அதனால் எல்லாம் கேள்வியின் வார்த்தையிலேயே இருக்கும், தேடிப் பிடிக்க வேண்டும். அங்கே நிலைகளின் பெயரும் மாறும், சில வரிகளுக்கு எக்ஸிக்யூட்டே பல சைக்கிள் எடுக்கும். 2010 கேட் கணினித் தாளில் வந்த ஒரு கேள்வியில் பெருக்கலுக்கு 3, வகுத்தலுக்கு 6, கூட்டல் கழித்தலுக்கு 1 சைக்கிள், ஆபரண்ட் ஃபார்வர்டிங் உண்டு. வரிசை பெருக்கல், வகுத்தல், கூட்டல், கழித்தல்.

இங்கே D-ஐப் பின்தொடர்ந்தால் வேலைக்காகாது, ஏனென்றால் எல்லோரும் நிற்பது கணக்குப் போடும் நிலையின் வாசலில். அந்த நிலையை யார் எப்போது பிடித்திருக்கிறார் என்று மட்டும் பார்த்தால் போதும். அதற்கு முன்னால் மூன்று நிலைகள் என்பதால் பெருக்கல் 4 முதல் 6 வரை, வகுத்தல் 7 முதல் 12 வரை, கூட்டல் 13, கழித்தல் 14, அதை எழுதி முடிப்பது 15. விடை 15. வகுத்தலுக்குப் பெருக்கலின் விடை தேவையே இல்லை என்பதைக் கவனியுங்கள், ஆனாலும் அது காத்திருக்கிறது, இடம் காலியாக இல்லாததால். இந்த வகைக்கு ஸ்ட்ரக்சரல் ஹசார்டு என்று பெயர்.

## வரியை மாற்றி அடுக்கு என்று கேட்டால்

ஸ்டாலை எண்ணிய பிறகு அனேகமாக அடுத்த உட்பிரிவு இதுதான்: பொருளை மாற்றாமல் வரிகளை இடம் மாற்றி ஸ்டாலைக் குறை. நம்ம நிரலில் இரண்டு இடம் வலிக்கிறது, `lw`-க்கு அடுத்த வரி, `bne`-க்கு முந்தைய வரி. இரண்டையும் ஒரே நகர்த்தலில் தீர்க்கலாம். `addi`-ஐத் தூக்கி `lw`-க்குக் கீழே போடுங்கள்.

```
L: lw   x5, 0(x10)
   addi x10, x10, 8
   add  x6, x5, x7
   sub  x8, x6, x5
   sw   x8, -4(x10)
   bne  x10, x11, L
```

ஃபார்வர்டிங்கோடு D வரிசை 2, 3, 4, 5, 6, 7. ஒரு ஸ்டாலும் இல்லை, மொத்தம் 10. கிளையை டீகோடில் முடிவுசெய்தாலும் `x10` வெகு முன்னாலேயே தயார், அதே 10. நூறு சுற்றுக்கு எக்ஸிக்யூட்டில் முடிவு என்றால் 802, டீகோடில் முடிவு என்றால் 703. முன்பு ஒரு சைக்கிள் நஷ்டமாக இருந்த அதே ஹார்டுவேர் மாற்றம் இப்போது 99 சைக்கிள் லாபம் தருகிறது. ஃபார்வர்டிங் இல்லாமலும் குறைகிறது, ஆனால் 18-லிருந்து 15-தான், ஏனென்றால் `add`, `sub`, `sw` மூன்றும் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்பதை இந்த நகர்த்தல் தொடவில்லை.

`sw`-இல் 4 என்பது -4 ஆகியிருக்கிறது, பார்த்தீர்களா? `x10` இப்போது எட்டு கூடிய பிறகு வருகிறது, பழைய முகவரிக்குப் போக 4-லிருந்து 8-ஐக் கழிக்க வேண்டும். இதை மறந்தாலும் சைக்கிள் எண்ணிக்கை அதே 10 வரும், கட்டமும் அழகாக இருக்கும், அதனால் எழுதும்போது கண்ணில் படாது. நிரல் மட்டும் எட்டு பைட் தள்ளி வேறு எங்கோ எழுதிக்கொண்டிருக்கும்.